கோயில் கம்ப்யூட்டரின் முதல் பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு வாய் திறக்கும். இரண்டுக்கும் நடுவில் என் மனைவி ஏதாவது சொல்லிவிட்டால் தப்பித்தேன். அவள் பக்கத்தில் இல்லாத இடங்களில்தான் எனக்கு எதிரிகள் உண்டாகியிருக்கிறார்கள். செயலாளரோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய கோயில் அலுவலகத்திலும் அவள் பக்கத்தில் இல்லை.

நான் இனயம் கடற்கரைக்காரன். வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் வள்ளம் ஏறிய கொஞ்ச நேரத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். “இவன் கரையில கெடக்கட்டும்” என்று அப்பா விட்டுவிட்டார். கரையில் கிடந்தவன் கேபிள் டி.வி. லைன் இழுத்தேன். கேபிள் டி.வி.யை ஜனங்கள் மறக்க ஆரம்பித்ததும் அதே கம்பங்களில் ஃபைபர் கட்டி வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தேன். கடற்கரையைவிட உள்ளே, கருங்கல் போகிற வழியில் உள்ள ஊர்களில்தான் எனக்கு வாடிக்கையாளர்கள் அதிகம். அதில் ஒரு ஊர், நடுவில் ஒரு பெரிய சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைக் கோயிலும் அதைச் சுற்றி ரப்பர் தோட்டமும் வீடுகளுமாக இருக்கும். நானோ கத்தோலிக்கன். நெட்டுக்குச் சபை வித்தியாசம் கிடையாது என்பதால் எங்களுக்குள் ஒரு சிக்கலும் வரவில்லை.

அந்த ஊரில் எதுவுமே கோயிலைப் பார்த்துத்தான் நடக்கும். கோயிலில் எந்த பெயின்ட் அடித்தார்களோ அடுத்த வருஷம் தெருவில் பாதி வீடுகளில் அதே பெயின்ட் இருக்கும். என் லைனைக் கோயில் அலுவலகம் வாங்கியதும் தெருவே வாங்கியது. கோயில் வேண்டாம் என்று சொன்னால் தெருவும் சொல்லும். அந்த ஒரு தெருவில்தான் என் வீட்டுச் சாப்பாட்டில் பாதி இருந்தது.

கோயில் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

“ஓய், ஒம்ம நெட்டு படுத்துக் கெடக்கு கேட்டீரா. மொதப் பக்கம் வரவே மாட்டேங்கு.”

போனேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் வந்த நேரம் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீடு பார்த்தேன், முழுசாக வந்தது. வீடியோ ஓட்டினேன், தங்குதடையில்லாமல் ஓடியது. “சாரே, ஒண்ணும் இல்லியே” என்றேன். மறுநாள் காலையில் மறுபடியும் போன். மறுபடியும் போனேன், மறுபடியும் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை போன் வந்தபோது என் காது சிவந்துவிட்டது.

“நீரு வாறதுக்கு முன்ன அது வந்துரும்வே. மொதப் பக்கந்தான் தொல்லை. அது வந்துட்டா பெறவு குதிரை. காலையில நான் திறக்கதுக்கு முன்ன வந்து நில்லும், காட்டித்தாறேன்.”

நின்றேன். அந்தக் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். மின்னல் பயம் ஒன்று, கரண்ட் பில் பயம் ஒன்று. அதனால் ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரும் என் மோடமும் செத்துப் பிழைத்து எழும்பும். செயலாளர் சுவிட்சைப் போட்டார், எல்லாம் எழும்பும் வரை காத்திருந்தார், இணையத்தைத் திறந்து ஒரு பக்கத்தைத் தட்டினார். பிறகு கண்ணை மூடிக் கைகூப்பி, பரமண்டல ஜெபத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் ஆமென் சொல்லி வாயை மூடவும் பக்கம் வரவும் சரியாக இருந்தது.

“பாத்தீரா? வாட்ச் பாக்கதுக்கு எனக்குக் கண்ணு பத்தாது. இதாக்கும் என் அளவு. தினமும் இவ்வளவு நேரம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வீம்புக்கு நானும் மெயினை அணைத்துப் போட்டு, எங்கள் முறைப்படி அதே ஜெபத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கடைசியில் சேர்த்துச் சொல்லும் வரி எங்களுக்குக் கிடையாது, அதனால் எங்கள் ஜெபம் கொஞ்சம் குட்டை. ஆமென் சொல்லியாகிவிட்டது, பக்கம் வரவில்லை. செயலாளருக்கு அதில் ஒரே சந்தோஷம்.

அப்புறம் என் லேப்டாப்பை அதே வயரில் மாட்டினேன். திறந்ததும் பக்கம் வந்தது. அந்த நேரம் அங்கே வந்த கோயில் போதகர் தன் போனை என் வைஃபையில் இணைத்தார். அதிலும் உடனே வந்தது. ஆக, அந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும், அதுவும் முதல் பக்கத்தில் மட்டும் இந்தக் கூத்து.

“சாரே, கோளாறு நெட்டுல இல்ல. இந்த மெஷின்ல” என்றேன்.

செயலாளரின் முகம் மாறியது. கம்ப்யூட்டரின் கீழ் ஓரத்தை விரலால் காட்டினார். அங்கே ஒரு பித்தளைப் பட்டை ஒட்டியிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயில்களில், எங்கள் கத்தோலிக்கக் கோயில் உள்பட, பெயர் இல்லாத சாமான் கிடையாது. ஃபேன் இறக்கையில் பெயர் இருக்கும், டியூப் லைட்டில் பெயர் இருக்கும், பெஞ்சின் முதுகில் பெயர் இருக்கும். அப்பா நினைவாக, அம்மா நினைவாக யாராவது கொடுத்தது. கொடுத்த சாமானை ஜெபம் பண்ணிப் பிரதிஷ்டை செய்துதான் வைப்பார்கள். அதன்பின் அந்த ஃபேன் கடகட என்று சத்தம் போட்டாலும் “ஃபேன் சரியில்லை” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் செத்துப்போன மனுஷனைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்தவரை ஊரில் குவைத்துக்காரர் என்பார்கள். பல வருஷம் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர். அந்தக் கம்பெனியை மூடியபோது, அவர் வேலை பார்த்த கம்ப்யூட்டரை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். திரையும் மெஷினும் ஒரே சாமானாக இருக்கும் வகை. அட்டைப்பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுவந்து, தன் அப்பா நினைவாகக் கோயிலுக்குக் கொடுத்தார். திரையைச் சுற்றியிருந்த சட்டம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. பட்டையில் எழுதவேண்டிய வாசகமோ அப்பா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நீளம். அதனால் பட்டை சட்டத்தைத் தாண்டித் திரையின் இடது கீழ் மூலையையும் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

“ஓய், இனி அந்த வார்த்தை இங்க பேசப்பிடாது. அவரு கேட்டா சங்கடப்படுவாரு. குவைத்துல ஓடின மெஷின் இங்க ஓடாதா? ஒம்ம நெட்ட சரி பண்ணும்” என்றார் செயலாளர்.

“என் லேப்டாப்புல ஓடுதே சாரே.”

“ஒம்ம லேப்டாப்புல ஒம்ம நெட்டு ஓடத்தான செய்யும்.”

மோடத்தை மாற்றினேன். வயரை மாற்றினேன். கம்பத்திலிருந்து கோயில் வரை புதிதாக ஃபைபரே இழுத்தேன். ஏணியில் நின்று வெயிலில் காய்ந்தேன். கீழே செயலாளர் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் போன் வந்தது. ஜெபத்தின் நீளம் ஒரு வரிகூடக் குறையவில்லை.

“நீங்க எதுக்கு அந்தாளுட்ட சத்தம் போடுதிய?” என்று என் மனைவி கேட்டாள். “பைய பேசினா என்ன?”

“பைய பேசினா பையத்தான் கேக்கான்” என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பெனி எங்கள் பக்கம் கம்பம் நட ஆரம்பித்தது. அதன் விற்பனைக்காரர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே செயலாளரிடம் வந்தார். இலவசமாகப் போட்டுக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். நியாயமான பேச்சுத்தான். கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் பார்ப்பதற்காக ஒரு சாயங்காலம் குறித்தார்கள். என்னையும் வரச்சொன்னார்கள். அது செயலாளரின் நேர்மை. என் மோடம் பக்கத்தில் இருக்கும்போதே மற்றவனுடையதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

நான் போனபோது விற்பனைக்காரர் முன்னதாகவே வந்து வேலையை ஆரம்பித்திருந்தார். தன் ரூட்டரை வைத்து, அதன் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ரூட்டரை அமைப்பதற்கு அதன் பக்கத்தைத் திறந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். குவைத்துக்காரரும் வந்தார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு செய்திப் பக்கத்தைத் தட்டினார். கை கூப்புவதற்குள் பக்கம் வந்துவிட்டது.

“ஆஹா” என்றார் ஒருவர்.

இன்னொரு பக்கம். அதுவும் வந்தது. குவைத்துக்காரர் தலையை ஆட்டி, “இந்த மெஷின் அங்கயும் இப்படித்தான் பறக்கும்” என்றார். செயலாளர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம்கூட இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு சொல்வார்கள் என்று அறிவித்துவிட்டு எழுந்தார். விற்பனைக்காரர் தன் ரூட்டரைக் கழற்றிக்கொண்டு போனதும் என் வயரை நான் மறுபடி மாட்டினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். ஒன்றும் விளங்கவில்லை. என் நெட் என் லேப்டாப்பில் பறக்கிறது, அவன் நெட் கோயில் கம்ப்யூட்டரில் பறக்கிறது, என் நெட் மட்டும் கோயில் கம்ப்யூட்டரில் ஜெபம் கேட்கிறது. ஒருவேளை என்னிடம்தான் ஏதோ கோளாறோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தத் தெரு போனால் லைன் பார்க்கிற ஆளை நிறுத்த வேண்டும், பிள்ளைகளின் படிப்புக்கு யாரிடமாவது போய் நிற்க வேண்டும். பயமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். சனிக்கிழமைதோறும் குவைத்துக்காரர் வந்து மறுநாள் ஆராதனை முறையைத் தட்டச்சு செய்து கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். தன் அப்பா பெயர் உள்ள மெஷினில் தானே உட்கார்ந்து செய்யும் வேலை, அதில் அவருக்கு ஒரு திருப்தி. “அண்ணே, நான் ஓரமா நின்னு பாத்துக்கிடட்டா?” என்றேன். “பாரும்வே, பாக்கதுக்கு என்ன” என்றார்.

மெயினைப் போட்டார். தட்டச்சுப் பக்கத்தைத் திறந்தார். வேத பாடம் ஒன்றை இணையத்தில் பார்த்து அடிக்க வேண்டியிருந்தது. அதற்காக இணைய ஜன்னலைத் திறந்து, முகவரியைத் தட்டினார். வெள்ளைத் திரை. வழக்கம்போல நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காத்திருக்கும் நேரத்தில், இரண்டையும் ஒன்றாகப் பார்க்கட்டும் என்று அந்த ஜன்னலைச் சின்னதாக்கித் திரையின் மேல் பக்கமாக இழுத்தார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஜன்னலின் இடது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஓர் ஆங்கில வரி. ப்ராக்ஸி ஸ்கிரிப்டை இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னது. இத்தனை மாதமும் அந்த வரி அதே மூலையில் தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஜன்னல் திரை முழுக்க விரிந்திருக்கும்போது அந்த மூலை பித்தளைப் பட்டைக்குப் பின்னால் போய்விடும். நான் பார்த்ததெல்லாம் அப்பா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள்.

“அண்ணே, கைய எடுங்க. எதையும் தொடாதீங்க” என்றேன்.

“என்னவே, பாம்பா?”

பக்கம் வந்துவிட்டது, வரியும் மறைந்துவிட்டது. ஆனால் பார்த்தது பார்த்ததுதான். மெஷினின் செட்டிங்ஸுக்குப் போய், நெட்வொர்க் பகுதியில், ப்ராக்ஸி என்ற இடத்தைத் திறந்தேன். ப்ராக்ஸி அமைப்பைத் தானாகக் கண்டுபிடிக்கும் சுவிட்ச் ஆனில் இருந்தது. அதற்குக் கீழே, ஸ்கிரிப்டைப் பயன்படுத்தும் சுவிட்சும் ஆனில் இருந்தது. ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது என்ற முகவரியும் அதில் இருந்தது. எண்களாலான முகவரி. நான் அதை வாசிப்பதற்கு முன்னால் குவைத்துக்காரர் வாசித்தார். திரையைப் பார்த்து வாசிக்கவில்லை. மனப்பாடமாகச் சொன்னார்.

“இது எங்க ஆபீஸாக்கும்” என்றார். “ஐ.டி.யில ஒரு மலையாளி உண்டு. அவன் போன்ல சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன். இது இல்லாம அங்க நெட்டே வராது.”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவருக்கும் சொன்னேன். பெரிய ஆபீஸ்களில் எந்தக் கம்ப்யூட்டரும் நேரே வெளியே போக முடியாது, நடுவில் ப்ராக்ஸி என்று ஒரு காவல் மெஷின் இருக்கும். எந்தப் பக்கத்துக்கு அதன் வழியாகப் போக வேண்டும், எதற்கு நேரே போகலாம் என்று ஒரு குறிப்பு ஆபீஸிலேயே ஓர் இடத்தில் இருக்கும். இந்த மெஷின் எழும்பியதும் இணையத்துக்குப் போவதற்கு முன்னால் அந்தக் குறிப்பைக் கேட்கும். குவைத்தில் கேட்டபோது கிடைத்தது. இங்கே கேட்டால் யார் கொடுப்பார்? அந்த ஆபீஸே இல்லை. பதில் வரும் என்று காத்திருக்கிறது, வராது என்று தெரிந்ததும் விட்டுவிட்டு நேரே போகிறது. ஒருமுறை விட்டபின் அடுத்தடுத்த பக்கங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மெயினை அணைத்துப் போட்டால், அல்லது லைன் போய் வந்தால், மறுபடியும் முதலிலிருந்து கேட்கும்.

“அப்ப அன்னைக்கு அந்தக் கம்பெனிக்காரனுக்கு மட்டும் எப்படிவே பறந்தது?”

“நாம வாறதுக்கு முன்ன அவரு ரூட்டர் பக்கத்தைத் திறந்து வச்சிருந்தாரு அண்ணே. காத்துக் கெடக்க வேண்டியதெல்லாம் அந்தப் பக்கத்துக்கே காத்துக் கெடந்து முடிஞ்சாச்சு. பெறவு வந்து பாத்தா பறக்கத்தான் செய்யும். அவருக்கே இது தெரியாது.”

குவைத்துக்காரர் கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “வந்து இத்தன நாளாச்சு. தினமும் காலையில எழும்பி இது அங்க போய்க் கேட்டுட்டு நிக்கு” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். “என் பெண்டாட்டியும் என்னப் பத்தி இதத்தான் சொல்லுவா. எழும்பினதும் மொதல்ல குவைத்துல மணி என்னன்னு பாப்பேன். பெறவுதான் பல்லுத் தேய்ப்பேன்.”

“நான் அணைக்கட்டா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். போட்டவன் நான், நானே அணைக்கேன்.”

இரண்டு சுவிட்சையும் அவரே அணைத்தார். மெயினை அணைத்தோம். கம்ப்யூட்டர், மோடம் எல்லாம் செத்தது. மறுபடி போட்டு, எல்லாம் எழும்பும் வரை பொறுத்து, இணையத்தைத் திறந்தார். தட்டிய விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அணைத்துப் போட்டோம். அப்போதும் வந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

அவர் பார்வை பட்டையின் மேல் இருந்தது. நாளைக்குக் கமிட்டியில் என்ன சொல்வது என்று அவர் நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது. மாதக்கணக்கில் செயலாளர் ஜெபம் சொன்னதற்கும், நான் வெயிலில் ஏணியில் நின்றதற்கும் காரணம் அவர் அப்பா பெயர் போட்ட மெஷின். அதை எல்லோர் முன்னாலும் சொன்னால் அந்த மனுஷன் எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவார்? அந்த நிமிஷம் எனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. கோபம் வந்தாலும் இரக்கம் வந்தாலும் எனக்கு வாய் நிற்காது.

“அண்ணே, நீங்க ஒண்ணும் பேசண்டாம். கனெக்டர் ஒண்ணு பழுதா இருந்தது, மாத்திட்டேன்னு நான் சொல்லிக்கிடுதேன். பக்கம் வருதுல்லா, அது போதும் அவங்களுக்கு.”

அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார். ஆராதனை முறையை அடிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

“கனெக்டர் பழுதுன்னு சொன்னா, இவ்வளவு நாளும் பழுது ஒங்க நெட்டுலதான்னு நீங்களே ஒத்துக்கிட்டதாகாதா? பழுது கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆகுதுன்னா இவன் எதுக்கு, அந்தக் கம்பெனிக்காரன் போதும்னு சொல்ல மாட்டாவளா?”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த மனுஷனைக் காப்பாற்றப் போய் என் தெருவை நானே தூக்கிக் கொடுக்கப் போகிறேன். ஆனால் சொன்னது சொல்லியாகிவிட்டது. அவரிடம் திரும்பப் போய், நான் நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

“வாக்கு குடுத்துட்டேன்ட்டி” என்றேன்.

“குடுத்தவருக்கு நல்ல குழம்பு வைக்கேன். வேற என்ன செய்ய” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அலுவலக அறையில் கமிட்டி கூடியது. விற்பனைக்காரர் பையோடு வந்து ஓரமாக நின்றார், அவருக்குப் பக்கத்தில் நான். செயலாளர் மெயினைப் போட்டு, பக்கத்தைத் தட்டி, கண்ணை மூடினார். முதல் வார்த்தை சொல்வதற்குள் யாரோ “சாரே, வந்தாச்சு” என்றார்கள். அவர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார், பிறகு வயரைப் பார்த்தார்.

“இது யாருக்க வயரு?”

“என்னதுதான் சாரே” என்றேன்.

“என்ன செய்தீரு?”

கமிட்டி முழுக்க என்னைப் பார்த்தது. குவைத்துக்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கனெக்டரு சாரே. உள்ள பழுதா இருந்திருக்கு. நேத்து மாத்தினேன்.”

“அப்பிடின்னா இவ்வளவு நாளும் கோளாறு ஒம்ம பக்கம்தான். நான் சொன்னது சரிதான?”

“ஆமா சாரே.”

செயலாளர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர், “எதுக்கு இனியும் இதுல கெடந்து மாரடிக்கணும், மாத்திருவோம்” என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். விற்பனைக்காரர் பையின் ஜிப்பைத் திறந்து ஏதோ காகிதங்களை எடுத்தார். செயலாளர், மாற்றுவதற்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தார்.

“சாரே, நில்லுங்க” என்று குவைத்துக்காரர் எழுந்தார்.

ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அவன் பொய் சொல்லுதான். கனெக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. குவைத்து ஆபீஸுக்கு உள்ள செட்டிங் அந்த மெஷின்ல கெடந்தது. நான் போட்டது. எடுக்காம கொண்டு வந்து கோயில்ல வச்சதும் நான். தினமும் அது அந்த ஆபீஸத் தேடிட்டு நின்னிருக்கு. அவன் நெட்டுல ஒரு கோளாறும் கெடையாது. எனக்கு வெக்கமாயிருக்கும்னு அவன் தன் தலையில தூக்கிப் போடுதான்.”

குவைத்துக்காரர் கம்ப்யூட்டரின் பட்டையைக் கையால் காட்டினார்.

“எங்கப்பா கூலி வேலைக்குப் போய் என்னப் படிக்க வச்ச மனுஷன். ஒருத்தன் சோத்துல கை வச்சதில்ல. அவரு பேரு ஒட்டின சாமானால இவனுக்குத் தெரு போகப்பிடாது. இப்ப நீங்க கையத் தூக்குங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாற்றிவிடுவோம் என்று சொன்னவர் கூரையிலிருந்த ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். செயலாளர் கையைத் தூக்கச் சொன்னார். ஒரு கையும் மேலே போகவில்லை. விற்பனைக்காரர் நல்ல பிள்ளை. காகிதங்களை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். குவைத்துக்காரர் வந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எந்நேரமும் நிற்காத வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை, கண்தான் நிறைந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தன் வண்டியைத் திருப்பினார்.

“போவே, வீட்டுல காத்துக்கிட்டிருப்பா” என்றார்.